ஓர் ஏக்கர் உழவுக்கு எத்தனை லீற்றர் டீசல்? எஞ்சின் வலுவிலிருந்து கணக்கிடும் முறை

கந்தளாய்க் குளத்து நீர் பாயும் தம்பலகாமம் பகுதியில் பெரும்போக உழவு தொடங்கும் நாட்களில், உழவு இயந்திரத்தைப் புதிதாக வாங்கியவரும் வாடகைக்கு எடுத்தவரும் முதலில் கேட்கும் கேள்வி, ஏக்கருக்கு எவ்வளவு டீசல் போகும் என்பதே. கிடைக்கும் பதில்கள் 3 லீற்றரில் தொடங்கி 8 லீற்றர் வரை விரிந்து கிடக்கும். அவற்றுள் பல அவரவர் வயலுக்கும் கலப்பைக்கும் உண்மையானவைதான். ஆனால் வேறொருவருடைய மண்ணுக்கும் கலப்பைக்கும் உரிய எண்ணைக் கொண்டு உங்கள் வயலுக்குக் கூலி பேசவோ டீசல் வாங்கவோ முடியாது. எஞ்சினின் வலு, சுமைக் காரணி, எரிபொருள் நுகர்வு வீதம் ஆகிய மூன்றையும் கொண்டு முதலில் ஒரு மதிப்பீடு செய்து, பின்னர் அதை உங்கள் வயலிலேயே ஒருமுறை அளந்து திருத்திக்கொள்வது எவ்வாறு என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. 45 குதிரைவலு உள்ள நான்கு சக்கர உழவு இயந்திரமும் ஒன்பது கொழுக் கலப்பையும் முதல் மழைக்குப் பின் ஈரம் கண்ட நெல்வயலில் உழுவதையே தொடக்கம் முதல் உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன்.

அடிப்படைக் கணக்கு இவ்வளவுதான்:

```
மணிக்கு லீற்றர்    = வலு × சுமைக் காரணி × நுகர்வு வீதம் ÷ டீசலின் அடர்த்தி
ஏக்கருக்கு லீற்றர் = மணிக்கு லீற்றர் × ஏக்கருக்கான மணித்தியாலம்
```

பெருக்கலும் வகுத்தலும் எவருக்கும் வரும். எந்த எண்ணை எங்கே வைப்பது என்பதில்தான் கணக்குத் தவறுகிறது.

படி 1: குதிரைவலுவைக் கிலோவாற்றாக மாற்றுதல்

ஒரு குதிரைவலு 0.746 கிலோவாற்றுக்குச் சமம். ஆகவே 45 குதிரைவலு என்பது 45 × 0.746 = 33.6 கிலோவாற்று. நுகர்வு வீதம் கிலோவாற்றுக் கணக்கில் கொடுக்கப்படுவதால் இந்த மாற்றம் தேவைப்படுகிறது. இயந்திரத்தின் மூடியில் எழுதப்பட்டிருக்கும் வலு எஞ்சின் தரக்கூடிய உச்ச அளவு என்பதை மறக்கக்கூடாது. பின்புறச் சுழல்தண்டில் கிடைக்கும் வலு அதைவிடக் குறைவு. சில்லு வழியாகக் கலப்பையை இழுக்கக் கிடைப்பது அதைவிடவும் குறைவு. எந்த இடத்து வலுவை எடுத்தாலும் கணக்கு நடக்கும், ஆனால் சுமைக் காரணியையும் அதே இடத்து வலுவுக்கு எடுக்க வேண்டும். இங்கே எஞ்சினின் வலுவையே கடைசிவரை பயன்படுத்துகிறோம்.

படி 2: சுமைக் காரணி

எஞ்சின் தரக்கூடிய உச்ச வலுவில் எந்தப் பங்கை அந்த வேலை உண்மையில் கேட்கிறது என்பதே சுமைக் காரணி. அது 1 என்றால் எஞ்சின் தன் முழு வலுவையும் கொடுத்துக்கொண்டிருக்கிறது, 0.45 என்றால் அதில் பாதிக்கும் சற்றுக் குறைவாகக் கொடுக்கிறது. புதியவர்கள் பெரும்பாலும் இதை விட்டுவிட்டு, 45 குதிரைவலு முழுவதும் உழவில் செலவாவதாக எண்ணிக் கணக்கிடுகிறார்கள். அப்படிக் கணக்கிட்டால் மணிக்கு 10 லீற்றர் வரும். ஏக்கருக்கு 7 லீற்றருக்கு மேல் போகும். ஒன்பது கொழுக் கலப்பையை இழுக்கும் சாதாரண உழவில் அவ்வளவு போகாது.

இந்த எண் வயலில் எங்கிருந்து பிறக்கிறது என்பதைப் பார்த்துக்கொள்வது நல்லது. கலப்பையை இழுக்க மண் ஒரு விசையைக் கேட்கிறது. மண் எவ்வளவு இறுகியிருக்கிறது, கொழு எவ்வளவு ஆழம் போகிறது, எத்தனை கொழுக்கள், எந்த வேகம் ஆகியவை அவ்விசையைத் தீர்மானிக்கின்றன. அவ்விசையை வேகத்தால் பெருக்கினால் கலப்பைக்குத் தேவையான வலு கிடைக்கும். உதாரணமாக, ஈரம் கண்ட மண்ணில் ஒன்பது கொழுவும் சேர்ந்து 6.5 கிலோநியூட்டன் விசையைக் கேட்டு, இயந்திரம் மணிக்கு 4.5 கிலோமீற்றர் வேகத்தில் சென்றால், தேவை 6.5 × 4.5 ÷ 3.6 = 8.1 கிலோவாற்று. ஆனால் எஞ்சினிலிருந்து கலப்பைக்கு வரும் வழியில் பல்சக்கரங்களிலும், மண்ணில் சில்லு அமிழ்ந்து உருளுவதிலும், சில்லு வழுக்குவதிலும் வலுவின் பெரும்பகுதி போய்விடுகிறது. மென்மையான வயல் மண்ணில் எஞ்சின் கொடுப்பதில் 55 சதவீதம் கலப்பையை அடைந்தாலே அது நல்ல நிலைதான். ஆகவே எஞ்சின் 8.1 ÷ 0.55, அதாவது ஏறக்குறைய 15 கிலோவாற்றைக் கொடுக்க வேண்டும். 33.6 கிலோவாற்று எஞ்சினுக்கு அது 0.45.

மண் மாறினால் இந்த 0.45 நிற்காது. கந்தளாய், தம்பலகாமம் பக்கத்துச் செங்கபில மண் காய்ந்தால் கல்லாக இறுகும் தன்மை உடையது; மழைக்கு முன் அதில் புழுதி உழவு செய்தால் சுமைக் காரணி 0.6க்கு மேலும் ஏறலாம். நிலாவெளி, குச்சவெளிக் கரையோர மணலில் இழுவிசை குறைவு, ஆனால் சில்லு அமிழ்வதும் வழுக்குவதும் அதிகம். வெருகல், மூதூர்ப் பக்கத்து மகாவலி வண்டலில் நேற்று இருந்த ஈரமும் இன்று இருக்கும் ஈரமும் ஒன்றல்லாததால் எண்ணும் ஒன்றாக நிற்பதில்லை. ஆகையால் முதல் மதிப்பீட்டுக்கு ஒன்பது கொழுக் கலப்பைக்கு 0.45 என்று வைத்துக்கொண்டு, அதை இன்னும் உறுதிப்படுத்தப்படாத எண்ணாகவே கருதுங்கள்.

படி 3: நுகர்வு வீதம்

ஒரு கிலோவாற்று வலுவை ஒரு மணித்தியாலம் கொடுக்க எஞ்சின் எத்தனை கிராம் டீசல் எரிக்கிறது என்பது நுகர்வு வீதம். உழவு இயந்திர எஞ்சின்களில் நல்ல சுமையில் இது 230 முதல் 250 கிராம் வரை இருக்கும். சுமை குறையக் குறைய இந்த எண் ஏறும், ஏனெனில் எஞ்சின் தன்னைத்தானே சுழற்றிக்கொள்ள எரிக்கும் டீசல் சுமை குறைந்தாலும் அவ்வளவாகக் குறைவதில்லை. பாதிச் சுமையில், கை அக்ஸிலேற்றர் உயர்த்தி விடப்பட்ட நிலையில், 280 கிராம் என்று எடுப்பது பொருத்தம்.

டீசலின் அடர்த்தி லீற்றருக்கு ஏறக்குறைய 0.84 கிலோகிராம். 280 கிராம் என்பது 0.28 கிலோகிராம்; 0.28 ÷ 0.84 = 0.333 என்பதால், ஒரு கிலோவாற்று மணித்தியாலத்துக்கு மூன்றில் ஒரு லீற்றர் என்று மனதில் வைத்துக்கொள்ளலாம். கிராமில் உள்ள நுகர்வு வீதத்தை அடர்த்தியால் வகுக்காமல் அப்படியே லீற்றராக எடுத்துவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை; விடை ஆறில் ஒரு பங்கு குறைந்து வரும். விடை நம்பத்தக்கதாகவே தோன்றுவதால் எவரும் அதைச் சந்தேகிப்பதில்லை.

இப்போது மணிக்கணக்கு முடிகிறது: 33.6 × 0.45 = 15.1 கிலோவாற்று, 15.1 × 0.333 = மணிக்கு 5.0 லீற்றர். கொழு மண்ணுக்குள் இருக்கும்போது மட்டும் இந்த எண் பொருந்தும்.

படி 4: ஓர் ஏக்கருக்கு எவ்வளவு நேரம்

ஓர் ஏக்கர் 4,047 சதுர மீற்றர். கலப்பை ஒரு நடையில் உழும் அகலத்தை மீற்றரிலும் வேகத்தை மணிக்குக் கிலோமீற்றரிலும் எடுத்துப் பெருக்கி 4.047ஆல் வகுத்தால், இடைவிடாது உழுதால் மணிக்கு எத்தனை ஏக்கர் என்பது கிடைக்கும்.

அகலத்தைக் கலப்பையின் சட்டத்தில் அளக்காமல் மண்ணில் அளக்க வேண்டும். கொழுக்களுக்கு இடையில் 9 அங்குலம் உள்ள ஒன்பது கொழுக் கலப்பை ஏறக்குறைய 2 மீற்றர் அகலம் உழும். ஆனால் விடுபடாமல் உழ வேண்டும் என்பதற்காகச் சாரதி ஒவ்வொரு நடையிலும் முன்னைய நடையின் ஓரத்தைக் கொஞ்சம் மிதித்தே போவார். அடுத்தடுத்த பத்து நடைகள் மூடிய அகலத்தை நாடாவால் அளந்து பத்தால் வகுத்தால் உண்மை அகலம் தெரியும். நம் உதாரணத்தில் அது 1.8 மீற்றர். வேகத்துக்கு, வரம்போரம் 50 மீற்றர் இடைவெளியில் இரண்டு கம்புகளை நட்டு, இயந்திரம் உழுதபடியே அவற்றைக் கடக்கும் நேரத்தைக் கைபேசியில் பாருங்கள். 40 செக்கன் எடுத்தால் வேகம் மணிக்கு 4.5 கிலோமீற்றர்.

1.8 × 4.5 ÷ 4.047 = 2.0. அதாவது இடைவிடாது உழுதால் மணிக்கு 2 ஏக்கர், ஏக்கருக்கு 30 நிமிடம். ஆனால் எந்த இயந்திரமும் இடைவிடாது உழுவதில்லை. நடை முடிவில் கலப்பையைத் தூக்கித் திரும்ப வேண்டும். வரம்பைத் தாண்டி அடுத்த வரவைக்கு இறங்க வேண்டும். கொழுவில் சிக்கிய வைக்கோலை இழுத்துப் போட வேண்டும். மொத்த நேரத்தில் 70 சதவீதமே கொழு மண்ணில் இருந்தது என்றால், ஏக்கருக்கு ஆகும் மொத்த நேரம் 30 ÷ 0.7 = 43 நிமிடம். அதில் 13 நிமிடம் மண்ணுக்கு வெளியே கழிந்தது.

இந்த 13 நிமிடத்தை எப்படிக் கணக்கில் சேர்ப்பது என்பதில்தான் சரியான கணக்கும் பிழையான கணக்கும் பிரிகின்றன. கொழு மண்ணில் இருக்கும் நேரத்துக்கான 5.0 லீற்றரை 43 நிமிடம் முழுவதற்கும் போட்டால் ஏக்கருக்கு 3.6 லீற்றர் வரும், அது மிகை. திரும்பும் நேரத்தை அறவே விட்டுவிட்டால் 2.5 லீற்றர் வரும், அது குறை. திரும்பும்போதும் எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. இந்த அளவு எஞ்சினுக்கு, சுமையில்லாமலும் நகர்ந்து கொண்டும் இருக்கும்போது மணிக்கு 2.4 லீற்றர் என்று எடுத்தால், 13 நிமிடத்துக்கு அரை லீற்றர். ஆகவே:

```
மண்ணில்:     30 நிமிடம் × 5.0 ÷ 60 = 2.5 லீற்றர்
திரும்புதல்:  13 நிமிடம் × 2.4 ÷ 60 = 0.5 லீற்றர்
ஏக்கருக்கு மொத்தம்                  = 3.0 லீற்றர்
```

வேறிடங்களில் சுமைக் காரணி என்று கொடுக்கப்படும் எண்கள் சில, உழும் நேரமும் திரும்பும் நேரமும் சேர்ந்த சராசரியாக இருக்கும். மேலுள்ள 3.0 லீற்றரை 43 நிமிடத்துக்குப் பரப்பினால் மணிக்கு 4.2 லீற்றர், அதற்குரிய சராசரிச் சுமைக் காரணி ஏறக்குறைய 0.38. மண்ணில் 0.45, முழு நேரத்துக்கும் 0.38 — இரண்டும் ஒரே உழவைத்தான் சொல்கின்றன. சராசரிக் காரணியை மொத்த நேரத்தோடும், மண்ணிலுள்ள காரணியை மண்ணிலுள்ள நேரத்தோடும் மட்டுமே பெருக்க வேண்டும். யாராவது ஓர் எண்ணைக் கொடுத்தால், அது எந்த நேரத்துக்கு உரியது என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

படி 5: தாங்கியை நிரப்பி அளத்தல்

இதுவரை செய்தது மதிப்பீடு. அதை நம்பத்தக்கதாக மாற்றும் வழி, தாங்கியை நிரப்பி, அளவு தெரிந்த நிலத்தை உழுது, மறுபடியும் அதே மட்டத்துக்கு நிரப்புவது. செலவில்லாத வழி இது, ஆனால் சில இடங்களில் கவனம் வேண்டும்.

முதலாவது நிலத்தின் அளவு. உறுதியில் எழுதப்பட்ட பரப்பில் வரம்பும் வாய்க்காலும் அடங்கும். இரண்டு ஏக்கர் மூன்று றூட் என்று சொல்லப்படும் காணியில் உழுபடும் நிலம் இரண்டு ஏக்கர் இரண்டு றூட்டாக இருக்கலாம். நாற்பது பேர்ச்சஸ் கொண்ட அந்த ஒரு றூட் வேறுபாடே விடையை 9 சதவீதம் குறைத்துக் காட்டிவிடும். வரவைகளின் நீள அகலத்தை நாடாவால் அளந்து கூட்டுவதே நல்லது.

இரண்டாவது தாங்கியின் மட்டம். நிரப்பும் இரண்டு தடவையும் இயந்திரம் ஒரே இடத்தில், ஒரே பக்கம் பார்த்து, சமதரையில் நிற்க வேண்டும். சற்றே சரிந்து நின்றாலும் தாங்கியின் கழுத்தில் மட்டம் மாறிவிடும். டீசலை ஊற்றும்போது நுரை எழும். அது அடங்கும்வரை பொறுத்து, மீண்டும் கழுத்தின் அதே அடையாளம்வரை ஊற்றுங்கள். அளவுக்கோடு இட்ட கானிலிருந்து ஊற்றுவது, வீட்டிலிருந்து எரிபொருள் நிரப்பு நிலையம்வரை ஓட்டிச் சென்று நிரப்புவதைவிடச் சிறந்தது, ஏனெனில் வீதியில் ஓடிய டீசலும் உழவுக் கணக்கில் ஏறிவிடும்.

மூன்றாவது, உழும் நிலம் மிகச் சிறிதாக இருக்கக்கூடாது. எவ்வளவு கவனமாக ஊற்றினாலும் மட்டத்தில் ஒரு கால் லீற்றர் பிழை வரும். அரை ஏக்கரை மட்டும் உழுதால் செலவே ஒன்றரை லீற்றர்தான். கால் லீற்றர் அதில் ஆறில் ஒரு பங்கு. இரண்டரை ஏக்கர் உழுதால் அந்தப் பிழை ஏறக்குறைய 3 சதவீதமாக இறங்கிவிடும்.

நேரத்தையும் இரண்டாகப் பிரித்தே குறிக்க வேண்டும். வரம்பில் இருப்பவர் கலப்பை இறங்கும்போது நேரத்தை ஓடவிட்டு, தூக்கும்போது நிறுத்தினால் போதும். மொத்த நேரத்திலிருந்து அதைக் கழித்தால் திரும்பிய நேரம் வந்துவிடும்.

இனி ஓர் அளவீட்டை எடுத்துக்கொள்வோம். உழுத நிலம் 2.5 ஏக்கர். மீண்டும் நிரப்ப வேண்டியிருந்த டீசல் 9.5 லீற்றர். கொழு மண்ணில் இருந்த நேரம் 82 நிமிடம். மற்றவை 45 நிமிடம். ஏக்கருக்கு 9.5 ÷ 2.5 = 3.8 லீற்றர். நம் மதிப்பீடு 3.0 தான். வேறுபாடு எங்கே ஒளிந்திருக்கிறது என்பதைக் கணக்கைப் பின்னோக்கி நடத்தினால் காணலாம்.

திரும்பிய 45 நிமிடத்துக்கு மணிக்கு 2.4 லீற்றர் வீதம் 1.8 லீற்றர். எஞ்சிய 7.7 லீற்றரும் மண்ணில் இருந்த 82 நிமிடத்தில், அதாவது 1.37 மணித்தியாலத்தில் போனது. ஆகவே மண்ணில் மணிக்கு 5.6 லீற்றர். அதை 0.333ஆல் வகுத்தால் ஏறக்குறைய 17 கிலோவாற்று, 33.6ஆல் மறுபடி வகுத்தால் சுமைக் காரணி 0.50.

ஆகவே வேறுபாடு மூன்று இடங்களில் இருந்து வந்திருக்கிறது. மண் நாம் எண்ணியதைவிடக் கடினமாக இழுத்தது, 0.45 அன்று, 0.50. மண்ணில் ஏக்கருக்கு 30 நிமிடம் ஆகாமல் 33 நிமிடம் ஆனது; நடைகள் ஒன்றன்மேல் ஒன்று அதிகமாக ஏறின அல்லது வேகம் குறைந்தது. திரும்புவதற்கு 13 நிமிடத்துக்குப் பதிலாக 18 நிமிடம் ஆனது; வரவைகள் சிறியவை. மொத்த விடையை மட்டும் பார்த்திருந்தால் இயந்திரம் டீசல் குடிக்கிறது என்று முடிவுகட்டி மெக்கானிக்கிடம் போயிருப்போம். உண்மையில் எஞ்சினில் குறையேதும் இருக்கத் தேவையில்லை.

ஒன்றை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். பின்னோக்கிக் கண்ட 0.50 தூய சுமைக் காரணி அன்று. மூடியில் எழுதிய வலு பழைய எஞ்சினில் இப்போது கிடைக்காமலிருக்கலாம். நுகர்வு வீதம் 280க்குப் பதில் 300 கிராமாக இருக்கலாம். அப்பிழைகள் எல்லாம் இந்த 0.50க்குள் அடங்கிக் கிடக்கின்றன. அதே இயந்திரம், அதே கலப்பை, அதே மாதிரியான மண் என்றிருக்கும்வரை அதனால் தீங்கில்லை, ஏனெனில் வலு, சுமைக் காரணி, நுகர்வு வீதம் ஆகிய மூன்றின் பெருக்கமே டீசலைத் தீர்மானிக்கிறது. அப்பெருக்கம் அளந்து கண்டது.

படி 6: அடுத்த வயலுக்குப் பயன்படுத்துதல்

அதே மண்ணில் நீளமான வரவைகள் கொண்ட 8 ஏக்கர் வயலொன்றை உழச் சொல்கிறார்கள் என்று வையுங்கள். மண்ணில் ஏக்கருக்கு 33 நிமிடம் என்பது மாறாது: 33 × 5.6 ÷ 60 = 3.1 லீற்றர். நடைகள் நீளமாதலால் திரும்புவதற்கு 10 நிமிடம் போதும்: 0.4 லீற்றர். ஏக்கருக்கு 3.5, எட்டு ஏக்கருக்கு 28 லீற்றர். வீதியில் போய்வரும் டீசலைத் தனியே சேர்த்துக்கொள்ளுங்கள். 2022இல் டீசல் பங்கீட்டில் கிடைத்த காலத்தில், இவ்வாறு எண்ணிக் கேட்கத் தெரிந்தவருக்கும் குத்துமதிப்பாகக் கேட்டவருக்கும் இருந்த வேறுபாட்டை எங்கள் பகுதி உழவர்கள் நன்கு அறிவார்கள்.

இயந்திரம் மாறினால் கணக்கில் இன்னொரு கண்ணி இருக்கிறது. இதே கலப்பையை 60 குதிரைவலு இயந்திரத்தில் பூட்டினால், பலர் 0.50 என்ற காரணியை அப்படியே 44.8 கிலோவாற்றோடு பெருக்கி, மணிக்கு 7.5 லீற்றர் என்கிறார்கள். கலப்பையும் வேகமும் மண்ணும் அவையேதான். மண் கேட்பது அந்த 17 கிலோவாற்றுதான். ஆகவே பெரிய எஞ்சினில் சுமைக் காரணி 17 ÷ 44.8 = 0.38ஆக இறங்கும். குறைந்த சுமையில் நுகர்வு வீதம் 300 கிராமுக்கு ஏறினாலும் மணிக்கு ஏறக்குறைய 6 லீற்றர்தான் ஆகும். எடை கூடிய இயந்திரம் உருளுவதற்குச் சற்று அதிகம் கேட்கும் என்பது உண்மை, ஆயினும் 7.5க்குப் போகாது. பெரிய இயந்திரத்தால் ஆதாயம் வேண்டுமானால் அகலமான கலப்பையோ கூடிய வேகமோ கொடுத்து ஏக்கருக்கான நேரத்தைக் குறைக்க வேண்டும்.

டீசல் வீணாவதை எப்படி அறிவது

அளவீடு மதிப்பீட்டைவிட மிக அதிகமாக, உதாரணமாக ஒன்றரை மடங்குக்கு மேல், வந்தால் முதலில் சில்லைப் பாருங்கள். பின்சில்லின் பக்கவாட்டில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு, கலப்பையைத் தூக்கியபடி அதே வயலில் பத்துச் சுற்று ஓடவிட்டுத் தூரத்தை அளக்க வேண்டும். பின்னர் உழுதபடி பத்துச் சுற்று. முதலில் 41 மீற்றரும் பிறகு 36 மீற்றரும் வந்தால், 5 ÷ 41, அதாவது 12 சதவீதம் வழுக்கல். உழவில் அது ஏற்கத்தக்கது. 30 மீற்றர்தான் வந்தது என்றால் நான்கில் ஒரு பங்குக்கு மேல் டீசல் சில்லைச் சுற்றவே போகிறது. உழுத தடத்தில் ரயர்க் கட்டைகளின் பதிவு தெளிவாக இல்லாமல் வழித்துவிட்டது போலத் தெரிந்தாலே அதை ஊகித்துவிடலாம். பின்சில்லுக்குப் பாரம் சேர்ப்பதும், ரயர்க் காற்றைச் சரிபார்ப்பதும், கொழுவின் ஆழத்தை ஓர் அங்குலம் குறைப்பதும் அதற்கான வழிகள்.

வழுக்கல் சரியாக இருந்தால் அடுத்து ஆழம். ஆழம் கூடினால் இழுவிசையும் கூடுகிறது. நெல்லுக்கு 4 அங்குலம் உழச் சொன்ன வயலில் கொழு 6 அங்குலம் போய்க்கொண்டிருந்தால், எஞ்சின் அதற்குரிய டீசலை எரித்தே தீரும். இரண்டாம் உழவுக்கும் முதல் உழவின் எண்ணையே போடுவது இன்னொரு பிழை. மண் ஏற்கெனவே பிளந்திருப்பதால் இழுவிசை குறையும், மண் இளகியிருப்பதால் வழுக்கல் கூடும். இரண்டையும் தனித்தனியே அளந்தால் நல்லது.

அதற்குப் பிறகுதான் எஞ்சின். உழும்போது இடைவிடாமல் கரும்புகை வந்தால், காற்று வடிகட்டி அடைத்திருக்கலாம் அல்லது டீசலைப் பீச்சும் முனைகள் தேய்ந்திருக்கலாம். கொழு இறங்கும் கணத்தில் ஒருமுறை புகைத்துவிட்டு எஞ்சின் மீண்டும் நிதானத்துக்கு வந்தால் அதில் குற்றமில்லை.

கியரை உயர்த்தி அக்ஸிலேற்றரைக் குறைத்தல்

சுமைக் காரணி 0.5 என்று தெரிந்த பின் அதனால் கிடைக்கும் நேரடிப் பயன் இது. எஞ்சின் பாதிச் சுமையில் நிமிடத்துக்கு 2,200 சுற்றில் ஓடுவதற்குப் பதிலாக, ஒரு கியர் உயர்த்தி, அக்ஸிலேற்றரை இறக்கி, அதே உழவு வேகத்தை 1,600 அல்லது 1,700 சுற்றில் பெறலாம். மண்ணுக்குத் தேவையான 17 கிலோவாற்றில் மாற்றமில்லை. நுகர்வு வீதம் மட்டும் இறங்குகிறது. 280 கிராம் 250க்கு வந்தால் மணிக்கு 5.6 லீற்றர் 5.0ஆகக் குறையும். 8 ஏக்கருக்கு மண்ணில் இருக்கும் நாலரை மணித்தியாலத்தில் இரண்டரை லீற்றர் மிச்சமாகும்.

இதற்கு ஓர் எல்லை உண்டு. அக்ஸிலேற்றரைக் கொஞ்சம் கூட்டிப் பார்த்தால் சுற்று உடனே ஏற வேண்டும். ஏறாமல் எஞ்சின் முனகிக்கொண்டு கரும்புகை கக்கினால் அந்தச் சுற்றுக்கு அது மிகைச் சுமை. ஒரு கியர் இறக்கிவிட வேண்டும். இறுகிய செங்கபில மண்ணில் புழுதி உழவு செய்யும்போது இம்முறை பெரும்பாலும் உதவாது, ஏனெனில் அங்கே எஞ்சின் ஏற்கெனவே நல்ல சுமையில்தான் இருக்கிறது.

இந்த எண்கள் பொருந்தாத வேலைகள்

சுழல் கலப்பைக்கு இக்காரணிகளை எடுக்க முடியாது. சுழல்தண்டு தனக்குரிய சுற்றில் ஓட வேண்டுமாதலால் அக்ஸிலேற்றரை இறக்கவும் இயலாது. 1.5 மீற்றர் அகலமும் மணிக்கு 3 கிலோமீற்றர் வேகமும் உள்ள சுழல் கலப்பை மண்ணில் மட்டும் ஏக்கருக்கு 54 நிமிடம் எடுக்கும். சுமைக் காரணி 0.65 என்றால், கூடிய சுமைக்கு நுகர்வு வீதத்தை 270 கிராமாக எடுத்து, மணிக்கு 7 லீற்றர், ஏக்கருக்கு 6.3 லீற்றர், திரும்புவதற்குத் தனி. கொழுக் கலப்பையின் இரண்டு மடங்கு என்று கூலி பேசுவதில் நியாயம் இருக்கிறது, சுழல் கலப்பை ஒரே நடையில் இரண்டு உழவின் வேலையைச் செய்துவிடுகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்.

நீர் கட்டிய வயலில் இரும்புச் சில்லுப் பூட்டிச் சேறு கலக்கும்போது வழுக்கலும் சில்லு அமிழ்வதும் நடைக்கு நடை மாறுவதால், மதிப்பீட்டைவிடத் தாங்கி அளவீட்டையே நேரடியாக நம்புங்கள். கொழு முனைகள் தேய்ந்து மாற்றிய பிறகும், ரயர் மாற்றிய பிறகும், போகம் மாறி மண்ணின் ஈரம் வேறுபட்ட பிறகும், இரண்டரை ஏக்கர் அளவீட்டை மறுபடி ஒருமுறை செய்து, அன்றைய திகதி, வயல், கலப்பை, ஆழம், இரண்டு நேரங்கள், லீற்றர் ஆகியவற்றை ஒரே வரியில் குறித்து வையுங்கள்.